டீசல் நிற்கும் இடம்

2012 மே மாதம். தாராபுரத்துப் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்தில் மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நாட்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். கிணற்று மோட்டார் ஓடி வாய்க்கால் நனைவதற்குள் போய்விடும். போன ஐப்பசியில் நட்ட தென்னம்பிள்ளைகள் குருத்து சுருண்டு நின்றன. ஒருநாள் வெள்ளென மாமா சாளைக்குள் போய், மேலே கிடந்த சாக்குகளையும் தட்டுப்போரையும் விலக்கிவிட்டு, பழைய ஆயில் இஞ்சினை வெளியே கொண்டுவருவது என்று முடிவு செய்தார்.

அது லிஸ்டர் இஞ்சின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற சின்ன ஊரில் செய்தது. ஒரே சிலிண்டர், இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சக்கரங்கள், 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று. இப்போதைய இஞ்சின்கள் 1500 சுற்றில் பறப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஓடுகிற மாதிரியே இருக்காது. ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணலாம். இதே அச்சில் ராஜ்கோட்டில் எத்தனையோ பட்டறைகள் பிறகு செய்து விற்றன. எங்களுடையது அசல். அப்புச்சியின் அப்பா காலத்தில் கவலை இறைத்துக்கொண்டிருந்த கிணற்றில் முதன்முதலாக வந்து உட்கார்ந்தது அது. கரண்ட் வந்தபிறகு சாளைக்குப் போனது.

அப்புச்சி நாற்பது வருடம் ஆயில் இஞ்சின் மெக்கானிக். சின்ன வயதில் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து சுற்றுவட்டாரத்துக் கிணறுகளுக்கெல்லாம் சைக்கிளில் போய் வேலை பார்த்தவர். நான் சொல்லும் அந்தக் கோடையில் அவருக்கு 74 வயது. பட்டறையை மூடி எட்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு 16. பத்தாவது பரிட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தேன்.

இஞ்சினைத் துடைத்து, டேங்கில் டீசல் ஊற்றி, ஏர் எடுத்து, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார் மாமா. மூன்றாவது தடவை ஒரு வெடி விழுந்தது. விழுந்த கையோடு சக்கரம் பின்பக்கமாக உதறி, ஹேண்டில் அவர் கையிலிருந்து எகிறியது. மாமா கட்டை விரலை மடக்காமல், மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடித்திருந்தார். அப்புச்சி சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்த பிடி அது. அதனால் கை பிழைத்தது. மறுபடி சுற்றியபோது இஞ்சின் எடுத்துவிட்டது. ஆனால் சத்தம் சரியில்லை. தகரத்தில் சுத்தியால் அடிப்பது போல ஒவ்வொரு வெடியிலும் ஒரு கூர்மையான டக்.

"நாக் அடிக்குது," என்றார் அப்புச்சி. "நிறுத்துடா. இப்பிடியே ஓடுனா பேரிங் போயிரும்."

"டைமிங்தானுங்களே? நீங்க வெச்ச டைமிங்தான் இருக்குது. கடைசியா நிறுத்துனதுக்கப்புறம் யாரும் தொடலீங்க."

அப்புச்சி பதில் சொல்லவில்லை. உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, எண்ணெய்த்துணியில் சுற்றியிருந்த ஒரு புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"படி கண்ணு."

மேலட்டை இல்லை. முதல் பத்துப் பக்கங்கள் இல்லை. மீதியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊறிக் கண்ணாடிக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. ஒரு பக்கத்தைப் பிடித்தால் பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும். அப்புச்சி அதிலுள்ள படங்களை எல்லாம் அறிவார். எந்தப் படத்தில் எந்த எண் எந்தச் சாமானைக் காட்டுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எழுத்தைத்தான் படித்ததில்லை. அவர் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நானோ இங்கிலீஷ் மீடியம். எழுத்தையெல்லாம் படித்துவிடுவேன், என்ன படித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஆறு நாட்கள் சாளைத் திண்ணையில் இப்படித்தான் உட்கார்ந்தோம். நான் ஒரு வாக்கியத்தை வாசிப்பேன். பிறகு எனக்குத் தெரிந்த தமிழில் சொல்வேன். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்பார். சில நேரம் உடனே "ஓ, அதா" என்பார். சில நேரம் "அப்பிடி இருக்காதே" என்று சொல்லி எழுந்துபோய் இஞ்சினைப் பார்த்துவிட்டு வருவார்.

முதல் நாள் வந்த ஒரு சொல், ப்ளீட். ரத்தம் கசிதல் என்று அகராதியில் இருந்தது. டீசல் குழாயிலிருந்து ரத்தம் எப்படி? நான் குழம்பியபோது, அந்த வாக்கியம் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். டீசல் பம்பு மேல் இருந்த சின்னத் திருகாணியில் விரலை வைத்து, "இதை லூஸ் பண்ணுனா மொதல்ல நுரை வரும், அப்புறம் சுத்தமா டீசல் வரும். ஏர் எடுக்கிறது. அதைத்தான் சொல்றான்," என்றார். அதோடு எங்களுக்கு ஒரு வழி பிடிபட்டது. சொல்லுக்கு அகராதியைப் பார்ப்பதற்கு முன்னால் படத்தில் அம்புக்குறி எங்கே போகிறது என்று பார்ப்பது. அம்புக்குறி போகும் இடம் அப்புச்சிக்குத் தெரியும்.

இன்னொரு விஷயமும் சீக்கிரம் கண்டுபிடித்தோம். அந்தப் புத்தகத்தில் நிறைய வாக்கியங்கள் 'ஷுட்' என்று ஆரம்பித்தன. 'செய்ய வேண்டும்' என்று பள்ளியில் படித்த அர்த்தத்தில் நான் சொல்லிக்கொண்டே போனேன். 'இஞ்சின் நாக் அடிக்க வேண்டும்' என்று ஒரு இடத்தில் வந்தபோது அப்புச்சி நிறுத்தினார். "எந்த மடையன் இஞ்சின் நாக் அடிக்கோணும்னு எழுதுவான்? திருப்பிப் படி." திருப்பிப் படித்தேன். அதே எழுத்துதான். மாமாவின் நண்பர், பக்கத்து ஊர் வாத்தியார், சாயங்காலம் வந்தவர் சொன்னார்: இந்த மாதிரி எழுத்து ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாக்கியத்தின் முதலில் நின்றால் 'ஒருவேளை' என்று பொருள். ஒருவேளை இஞ்சின் நாக் அடித்தால். அதன்பிறகு 'ஷுட்' வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டோம். அந்த வாக்கியங்கள்தான் அந்தப் புத்தகத்தின் வைத்தியப் பகுதி. நோயைச் சொல்லி மருந்தும் சொல்பவை.

நாக் பற்றிய வாக்கியம் எங்களை டைமிங் பகுதிக்கு அனுப்பியது. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

டீசல் இஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்று நசுங்கி, நசுங்கியதாலேயே சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் டீசல் பற்றுவதற்குச் சிறிது நேரம் பிடிக்கும். எவ்வளவு முன்னால் என்பதுதான் டைமிங். ரொம்ப முன்னால் பீய்ச்சினால் காற்று இன்னும் போதுமான சூடாகியிருக்காது. டீசல் பற்றாமல் சேர்ந்துகொண்டே போய், பிறகு மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கும். அதுதான் அந்த டக். கையால் மெதுவாகச் சுற்றும்போது அந்த வெடி பிஸ்டன் உச்சியைத் தாண்டுமுன்னே விழுந்தால் சக்கரம் பின்னால் உதறும். மாமா கையில் எகிறியது அதுதான்.

புத்தகம் சொன்ன அளவு உச்சிக்கு 20 டிகிரி முன்னால். 600 சுற்றில் சக்கரம் ஒரு நொடிக்குப் பத்து முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் 20 டிகிரி என்பது ஒரு நொடியில் 180-ல் ஒரு பங்கு.

அப்புச்சிக்கு டிகிரி தெரியாது. அவருடைய குரு சொல்லிக்கொடுத்தது வேறு. உச்சிக் குறிக்கு முன்னால், சக்கரத்தின் விளிம்பில், நாலு விரலும் ஒரு கட்டை விரலும். அவ்வளவுதான். நாலு விரலைச் சேர்த்து வைத்து, பக்கத்தில் கட்டை விரலைக் கிடத்தி வைத்தால் வரும் அகலம். அந்த இடத்தில் பம்பு டீசலைத் தள்ள ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு அது சரியாக இருக்கும் என்று தோன்றவில்லை. சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்றேன். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிச் சணல் நூலைப் போட்டு, அந்த நூலை மாமாவின் டேப்பில் அளந்தோம். 75 அங்குலம். முழு வட்டம் 360 டிகிரி. 75-ஐ 360-ஆல் வகுத்து 20-ஆல் பெருக்கினால் நாலு அங்குலமும் ஆறில் ஒரு பங்கும். அப்புச்சியின் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம். அப்படிப் பார்த்தால் நாலு அங்குலம், ஒரு நூலுக்குக் கொஞ்சம் மேல். பிறகு அவர் கையை வாங்கி, நாலு விரலையும் கட்டை விரலையும் சேர்த்து வைக்கச் சொல்லி அளந்தேன். நாலு அங்குலம், ஒரு நூல்.

அவர் குரு யாரிடம் கற்றாரோ தெரியாது. எங்கோ ஒருவர் இதே புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் விரலுக்கு மாற்றியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. இந்த அளவுச் சக்கரத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும். சின்னச் சக்கரம் உள்ள இஞ்சினில் அதே நாலு விரல் பல டிகிரி கூடிவிடும். அதை அப்புச்சியும் தெரிந்துவைத்திருந்தார். "சின்ன இஞ்சினுக்கு இது ஆகாது, அதுக்கு வேற," என்றார்.

ஆக அளவு சரி. அப்படியானால் ஏன் நாக்? அப்புச்சி ஒரு சாயங்காலம் முழுக்க இதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அமுச்சி சோறு போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் அந்தப் பக்கத்தின் அடுத்த பத்தியை வாசித்தேன். தள்ளத் தொடங்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லும் பத்தி. "சக்கரத்தை மெதுவாகச் சுற்று, டீசல் சீஸ் ஆகும்வரை" என்று சொன்னேன்.

அப்புச்சி நிமிர்ந்தார். "என்னது? சீஸா?"

"சீஸஸ்னு போட்டிருக்குதுங்க அப்புச்சி."

"பிளஞ்சர் சீஸ் ஆகுமா? ஆனா பம்பே போச்சு. அதுவரைக்கும் சுத்தச் சொல்றானா?"

மெக்கானிக் பட்டறையில் சீஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். எண்ணெய் இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி இறுகிப்போவது. நாற்பது வருடம் அவர் பயந்துகொண்டிருந்த சொல் அது. நான் எழுத்தைப் பார்த்தேன். எஸ்-ஸில் ஆரம்பிக்கவில்லை, சி-யில் ஆரம்பித்தது. எங்கள் காதில் ஒன்றுபோலவே விழும் வேறு சொல். "இது அந்தச் சீஸ் இல்லீங்க. நின்னு போறது. டீசல் வர்றது நின்னு போகும்வரைக்கும் சுத்தோணும்."

"நிக்கிற வரைக்குமா? வர ஆரம்பிக்கிற வரைக்கும் இல்லையா?"

"நிக்கிற வரைக்கும்."

அவர் எழுந்துவிட்டார். இஞ்சின் பக்கத்தில் போய் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "மறுக்கா முழுசாப் படி," என்றார்.

அவருக்குத் தெரிந்த முறை இது. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பின் வாயில் நிற்கும் டீசலைப் பார்த்துக்கொண்டே சக்கரத்தை மிக மெதுவாகச் சுற்றுவது. டீசல் லேசாகத் துள்ளும் இடம்தான் தள்ளத் தொடங்கும் இடம். எல்லா மெக்கானிக்கும் செய்வது அதுதான்.

புத்தகம் சொன்னது வேறு. பம்பின் தலையைக் கழற்றி, உள்ளே இருக்கும் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து, தலையை மட்டும் திரும்ப மாட்டு. லிவரை ஓடும் நிலையில் வை. இப்போது டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே பம்பு வழியாக ஓடிவந்து வாயில் வழியும். சக்கரத்தை ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்று. பம்புக்குள் பிளஞ்சர் மேலே ஏறி, டீசல் உள்ளே வரும் ஓட்டையை மூடும் நொடியில் வழிவது நிற்கும். அந்த இடம்தான். இதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்பில் என்கிறார்கள், சிந்துவது.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்று நான் கேட்டேன். ஓட்டை மூடினால்தான் டீசல் துள்ளப்போகிறது. துள்ள ஆரம்பிப்பதும் வழிவது நிற்பதும் ஒரே நொடி.

"புதுப் பம்புல ஒண்ணுதான்," என்றார். அதைச் சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் பேரலும் ஒன்றுக்கொன்று பொருத்தி இழைத்த ஜோடி, எலிமெண்ட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நம் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. வருடக்கணக்கில் ஓடி, டீசலில் வரும் தூசியும் தண்ணீரும் அரித்து, அந்த இடைவெளி பெருகும். பிறகு பிளஞ்சர் தள்ளும்போது கொஞ்சம் டீசல் பக்கவாட்டில் கீழே இறங்கிவிடும். கையால் மெல்லச் சுற்றும்போது இறங்குவதற்கு நிறைய நேரம் இருக்கிறது. ஓட்டை மூடிய பிறகும் வாயில் டீசல் துள்ளாது. வால்வின் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும் அளவுக்கு அழுத்தம் சேர வேண்டும், அது சேர்வதற்குள் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். ஆக, துள்ளுவது தாமதமாகத் தெரியும். அதைப் பார்க்கும் மெக்கானிக் டைமிங் பின்னால் இருக்கிறது என்று நினைத்து, முன்னால் தள்ளி வைப்பான். ஆனால் இஞ்சின் 600 சுற்றில் ஓடும்போது டீசல் கீழே இறங்க நேரமே இல்லை. அப்போது ஓட்டை மூடிய உடனே பீய்ச்சும். வைத்ததைவிட ரொம்ப முன்னாலேயே.

புத்தகத்து முறையில் அழுத்தம் கிடையாது. டேங்கிலிருந்து இறங்கும் டீசலின் எடை மட்டும்தான். ஓட்டை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. பிளஞ்சர் தேய்ந்திருந்தாலும் அது பெரிதாகப் பொய் சொல்லாது.

நான் இதை இப்போது வரிசையாக எழுதுகிறேன். அன்றைக்கு அப்புச்சி பாதியும் நான் பாதியுமாக, மண்ணில் குச்சியால் பிளஞ்சரையும் ஓட்டையையும் வரைந்து, அழித்து, வரைந்து, மத்தியானம் வரைக்கும் பேசித்தான் இங்கே வந்து சேர்ந்தோம்.

பொழுதோட செய்து பார்த்தோம். அப்புச்சி கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டித் துணியை விரித்து, டெலிவரி வால்வைக் கழற்றி அதன்மேல் வைத்தார். கம்பியை வளைத்து ஒரு போல்ட்டில் மாட்டி, அதன் முனை சக்கர விளிம்பைத் தொடுகிற மாதிரி வைத்தோம். அதுதான் எங்கள் முள். மாமா சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் டார்ச் அடித்தேன்.

முதல் தடவை எவ்வளவு சுற்றியும் வழிவது நிற்கவே இல்லை. எங்கேயோ தப்பு. புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். லிவரை ஓடும் நிலையில் வைக்கச் சொன்னதை மறந்திருந்தோம். நிறுத்தும் நிலையில் லிவர் இருந்தால் பிளஞ்சரில் உள்ள பள்ளம் அந்த ஓட்டைக்கு நேராக வந்து நிற்கும், டீசல் வழி மூடவே மூடாது. இஞ்சினை நிறுத்துவதே அந்தப் பள்ளத்தை வைத்துத்தான். லிவரைத் தள்ளிக் கட்டிவைத்தோம்.

இரண்டாவது தடவை, வழிந்துகொண்டிருந்த டீசல் மெலிந்து, சொட்டாகி, நின்றது. "புடி!" என்றார் அப்புச்சி. மாமா கொஞ்சம் தாண்டிவிட்டார். அப்படியே பின்னால் கொண்டுவரக் கூடாது, பல்சக்கரங்களில் உள்ள தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும். கால் சுற்று பின்னால் போய், மறுபடி ஓடும் திசையில் வரவேண்டும். வந்தோம். நின்ற இடத்தில் முள்ளுக்கு நேராகச் சாக்பீஸ் கோடு. பிறகு உச்சிக் குறி முள்ளுக்கு வரும்வரை சுற்றினோம். இரண்டுக்கும் நடுவில் டேப் வைத்து அளந்தேன்.

ஐந்து அங்குலம், ஏழு நூல்.

நாலு அங்குலம் ஒரு நூல் இருக்க வேண்டிய இடத்தில். கணக்குப் போட்டேன். 28 டிகிரி. எட்டு டிகிரி முன்னால்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புச்சி சாக்பீஸ் கோட்டின் மேல் தன் நாலு விரலை வைத்துப் பார்த்தார், கட்டை விரலை வைத்தார், அதற்கப்புறமும் மிச்சம் இருந்த இடத்தைப் பார்த்தார்.

பம்புக்குக் கீழே, பிளஞ்சரை மேலே தள்ளும் டேப்பட்டில் ஒரு திருகும் அதைப் பூட்டும் நட்டும் உண்டு. திருகை மேலே ஏற்றினால் பிளஞ்சர் உயர்ந்து சீக்கிரம் ஓட்டையை மூடும், கீழே இறக்கினால் தாமதமாக மூடும். கீழே இறக்கினார். அளந்தால் மூன்று அங்குலம் இரண்டு நூல், ரொம்பப் பின்னால் போய்விட்டது. கொஞ்சம் ஏற்றினார். நாலு அங்குலம் மூன்று நூல். இன்னும் கொஞ்சம். நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து லேசாகத் திரும்பிவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் இறுக்கிய பிறகுதான் அளக்க வேண்டும். இருட்டிய பிறகு நாலு அங்குலம் ஒரு நூலில் நின்றது.

வால்வை மாட்டி, குழாயை மாட்டி, ஏர் எடுத்து, ஹேண்டிலைச் சுற்றினோம். இஞ்சின் எடுக்கவில்லை. மாமா பத்து தடவை சுற்றினார். புகைக்குழாயில் வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகம் சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்திருந்தோம்.

அப்புச்சிக்கு மட்டும் ஆச்சரியம் இல்லை. "எடுக்காது கண்ணு. பிளஞ்சர் தேஞ்சு கெடக்குது. கையில சுத்துற வேகத்துல பாதி டீசல் கீழ எறங்கிரும். அதுதான் அன்னைக்கும் எடுக்கல. அதுக்குத்தான் நான் முன்ன தள்ளி வெச்சேன், எடுத்துச்சு." இரண்டும் ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன. தேய்ந்த பிளஞ்சர் ஸ்டார்ட்டிங்கைக் கெடுத்தது. டைமிங்கை முன்னால் தள்ளியதில் ஸ்டார்ட் ஆனது. அதற்கு விலை நாக்கும் உதறலும்.

பம்பில் கையால் அடிக்கும் லிவர் ஒன்று உண்டு. நல்ல பம்பு என்றால் அதை அடிக்கும்போது நாசில் கிர்ரென்று கத்தும். அவர் அடித்துக் காட்டினார். சத்தமில்லாமல் அழுந்தியது. நான் டார்ச் வெளிச்சத்தில் பக்கத்தைத் திருப்பினேன். 'ஷுட்' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் அங்கே இருந்தது. ஒருவேளை லிவரை அடிக்கும்போது நாசில் கத்தாமல் இருந்தால், நாசில் நன்றாக இருக்கும்பட்சத்தில், பிளஞ்சரையும் பேரலையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

"எனக்கு இது தெரியும்," என்றார் அப்புச்சி. "கத்தலீன்னா மாத்தோணும்னு தெரியும். அப்பல்லாம் எலிமெண்ட் வாங்க யாருகிட்டக் காசு இருந்துச்சு? பயிர் காஞ்சுட்டு நிக்கும். இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஓட்டிக் குடுங்கன்னு வந்து நிப்பாங்க."

மாமா மறுநாள் கோயம்புத்தூர் போய் எலிமெண்ட் வாங்கிவந்தார். காகிதத்தைப் பிரித்து, அப்புச்சி பிளஞ்சரை டீசலில் நனைத்து பேரலுக்குள் விட்டார். தன் எடையில் மெல்ல, ஒரே சீராக இறங்கியது. பேரலின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பிளஞ்சரை இழுத்தால் உள்ளே திரும்ப இழுத்துக்கொண்டது. பழையதை எடுத்து அதே மாதிரி விட்டார். பொத்தென்று விழுந்தது. என் கையில் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னார். பத்துத் தடவையாவது செய்திருப்பேன்.

புது எலிமெண்ட் போட்டதும் டைமிங்கை முதலிலிருந்து பார்த்தோம். திருகைச் சின்னதாக ஒருமுறை திருத்த வேண்டியிருந்தது. இந்தத் தடவை அப்புச்சி தன் பழைய முறையிலும் செய்து பார்த்தார். வால்வை மாட்டி, வாயில் டீசல் துள்ளும் இடத்தைப் பார்த்தார். சாக்பீஸ் கோட்டில் அரை நூல் வித்தியாசம்தான். குரு சொல்லிக்கொடுத்தது தப்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் குருவுக்கு அவர் போட்ட கும்பிடு எனக்கு நினைவிருக்கிறது, கை முழுக்க டீசலோடு.

லிவரை அடித்தார். நாசில் கிர்ரென்று கத்தியது. மாமா இரண்டு சுற்றுச் சுற்றினார், எடுத்துக்கொண்டது. டக் இல்லை. தப், தப், தப் என்று ஒரு மெத்தென்ற சத்தம், நடுவில் இடைவெளி விட்டு விட்டு. அமுச்சி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் மாமா தென்னம்பிள்ளைகளுக்கு வாய்க்காலை மாற்றிவிடப் போய்விட்டார்.

அப்புச்சி திண்ணையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஒவ்வொரு கிணறாகச் சொல்ல ஆரம்பித்தார். பெரிய தோட்டத்துக் கிணறு, கள்ளுக்கடை மேட்டுக் கிணறு, ஆத்தோரத்தில் ஒன்று. அங்கெல்லாம் தேய்ந்த பம்பில் டைமிங்கை முன்னால் தள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆத்தோரத்துக் கிணற்றில் ஹேண்டில் உதறி ஒருவருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. அந்த இஞ்சின் உதறியதற்கு இதுதான் காரணமா என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. இஞ்சினும் இல்லை, அவரும் இல்லை. "அவரு நான் நல்லாப் பாத்துக் குடுத்தேன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு," என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி என் பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எல்லாவற்றையும் தமிழில் எழுதச் சொன்னார். ப்ளீட் என்றால் ஏர் எடுப்பது. சி-யில் ஆரம்பிக்கும் சீஸ் என்றால் நிற்பது. 20 டிகிரி என்றால் இந்தச் சக்கரத்தில் நாலு அங்குலம் ஒரு நூல். லிவர் ஓடும் நிலையில் இருக்க வேண்டும். நாசில் கத்தாவிட்டால் டைமிங்கைத் தொடாதே, முதலில் பிளஞ்சரைப் பார்.

எழுதி முடித்து நோட்டை மூடப்போனேன்.

"இன்னொண்ணு எழுது சாமி. இந்த இஞ்சின்ல இருபத்தெட்டு இருந்துச்சு. நாந்தான் வெச்சேன்னு எழுது. தேதியும் போடு."

எழுதினேன். எண்ணை மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியும். 28 என்று எழுதிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, நோட்டைப் புத்தகத்தோடு சேர்த்து எண்ணெய்த்துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்தார்.